ஷாப்பிங் தளத்தின் அடியில் இருக்கும் முத்திரை: அசலா, ஒட்டியதா?

"இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு சேலைத் தளத்துக்குப் போனேன். பக்கத்தின் அடியில் வெரிசைன், மெக்காஃபி, பிசிஐ, ஐஎஸ்ஓ 9001, ‘100% பாதுகாப்பான பேமெண்ட்’ என்று வரிசையாக முத்திரைகள். இத்தனையும் வாங்கியிருக்கிற தளம் ஏமாற்றுமா? இவை உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?"

‘வாங்கியிருக்கிற’ என்கிறீர்கள், சந்தேகத்தை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். அந்த வரிசையில் ஒன்றைக்கூட அவர்கள் யாரிடமும் வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், அதனால் தெரியும். சிறு கடைகளுக்குத் தளம் கட்டிக் கொடுப்பது என் தொழில். ஆரம்ப காலத்தில் இளம்பிள்ளைப் பக்கம் ஒரு சேலைக்கடைக்காரர், தளம் எல்லாம் முடிந்து காசு கொடுக்கிற நேரத்தில், "தம்பி, பெரிய தளத்துல எல்லாம் அடியில பச்சையா ஒரு கவசம், டிக் போட்டு இருக்குதே, அது நமக்கும் வெச்சிருங்க" என்றார். கூகுளில் படம் தேடி, பின்னணி இல்லாத ஒரு கோப்பை இறக்கி, அடியில் ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. எந்த நிறுவனமும் அந்தக் கடையைச் சோதிக்கவில்லை, அவரிடம் கடிதமும் கேட்கவில்லை. அவர் நேர்மையான வியாபாரி, சரக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கவசம் சொன்னது பொய். இன்றைக்கு அந்த இரண்டு நிமிடமும் தேவைப்படாது. ஆயத்தத் தளச் சட்டகங்கள் பலவற்றில் இந்தப் படவரிசை கூடவே வருகிறது. கடை போடுகிறவர் அதை நீக்காமல் விட்டாலே போதும்.

அசல் முத்திரை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால், போலியைப் பிடிப்பது எளிது. ஒரு பாதுகாப்பு நிறுவனம் முத்திரை தருகிறது என்றால் படத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடாது. வழக்கமாக ஒரு துண்டு நிரலைக் கொடுக்கும். கடைக்காரர் அதைத் தன் பக்கத்தில் வைப்பார். நீங்கள் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், முத்திரை அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்து இறங்கும். இந்தத் தளத்துக்கு இன்னும் சந்தா இருக்கிறதா, சோதனையில் தேறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் காட்டும். சந்தா தீர்ந்தால் படமும் மறையும். முத்திரையை அழுத்தினால் நிறுவனத்தின் சொந்த முகவரியில் ஒரு பக்கம் திறந்து, "இன்ன தளம், இன்ன நிலை" என்று தளத்தின் பெயரைச் சொல்லும். அதாவது முத்திரையின் உயிர் கொடுத்தவர் வீட்டில் இருக்கிறது, ஒட்டியவர் வீட்டில் இல்லை. சோதிக்க வேண்டியதும் அங்கேதான்.

ஆகவே முதல் வேலை, அழுத்திப் பாருங்கள். கணினியில் என்றால் முத்திரை மேல் சுட்டியை வைத்தாலே எங்கே போகும் என்று உலாவியின் கீழ் மூலையில் தெரியும். ஃபோனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் முகவரி வரும். இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவர் என்பதால் ஒரு விஷயம்: அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிற உலாவியில் முழு முகவரியைப் பார்ப்பது சிரமம். மூன்று புள்ளி மெனுவில் போய், குரோமிலோ சஃபாரியிலோ திறந்துகொள்ளுங்கள்.

அழுத்தியதும் ஒன்றுமே நடக்காவிட்டால், அது பெரும்பாலும் வெறும் படம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், கணினியில் முத்திரை மேல் வலது சொடுக்கு கொடுத்து, Inspect என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால்,

```html
<img src="/images/trust-badges.png" alt="secure">
```

படம் கடையின் சொந்தக் கிடங்கிலிருந்தே வருகிறது என்று அர்த்தம். ஐந்து நிறுவனங்களின் முத்திரைகள் ஒரே கோப்பில், ஒரே படமாக இருப்பதும் உண்டு. தனித்தனி நிறுவனங்கள் தனித்தனியாகச் சோதித்துக் கொடுத்தவை ஒரே படத்துக்குள் எப்படி வந்து சேரும்? என் அனுபவத்தில் இந்த ஒட்டுப்படம்தான் மிக அதிகம். அசல் என்றால் இதைப் போல நிறுவனத்தின் முகவரி தெரியும். இங்கே பெயர் மட்டும் நான் இட்டுக்கட்டியது:

```html
<script src="https://seal.issuer.example/seal.js"></script>
```

ஒரு பக்கம் திறந்துவிட்டால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். மூன்று ஏமாற்று வழிகள் இதற்குள் இருக்கின்றன. ஒன்று, முத்திரை கொடுக்கும் நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்கு மட்டும் கொண்டுபோய் விடுவது. அங்கே நீங்கள் பார்த்த கடையின் பெயரே இருக்காது. அது சான்று ஆகாது, யாருடைய முகப்புக்கும் யார் வேண்டுமானாலும் இணைப்புக் கொடுக்கலாம். இரண்டாவது, உண்மையான சான்றுப் பக்கம்தான் திறக்கும், ஆனால் அது வேறொரு கடையின் சான்று. நல்ல தளத்திலிருந்து இணைப்போடு சேர்த்து நகலெடுத்திருப்பார்கள். பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பக்கத்தில் எழுதியிருக்கும் தளப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்றாவது கொஞ்சம் உழைப்பு எடுத்துச் செய்வது: சான்றுப் பக்கத்தையே போலியாகக் கட்டுவது. உதாரணத்துக்கு,

```
https://issuer.com.verify-seal.example/check
```

பார்த்ததும் issuer.com என்று படும். ஆனால் முகவரியைப் படிக்க வேண்டியது வலதுபக்கத்திலிருந்து. https:// என்பதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பதைப் பாருங்கள். இங்கே அது verify-seal.example. வீட்டுக்காரர் அவர்தான். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட அறைப் பெயர்கள். இந்தக் கண்ணாமூச்சியே வேண்டாம் என்றால், முத்திரையை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டெழுதிப் போய், கடையின் பெயரை அங்கே தேடுங்கள். வாடிக்கையாளர் மதிப்புரைத் தளமான ட்ரஸ்ட்பைலட்டின் நட்சத்திரங்களை ஒட்டியிருந்தால் trustpilot.com/review/ என்று அடித்து, அதன் பின்னால் கடையின் முகவரியைச் சேருங்கள். அடியில் 4.8 என்று படம் இருக்கும், அங்கே போனால் மூன்றே மதிப்புரை, அதுவும் திட்டாக இருக்கும். பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வரிசைக்கு வருகிறேன். வெரிசைன் முத்திரை, நீங்கள் சொன்னதிலேயே எனக்கு மிகவும் சுவையானது. வெரிசைன் தன்னுடைய இணையதளச் சான்றிதழ் வியாபாரத்தை 2010-இல் சிமான்டெக் என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த டிக் முத்திரை பிறகு சிமான்டெக்கின் நார்ட்டன் பெயருக்கு மாறியது. 2017-இல் சிமான்டெக்கும் அந்த வியாபாரத்தை டிஜிசெர்ட்டிடம் கொடுத்துவிட்டது. வெரிசைன் இன்றும் இருக்கிறது, ஆனால் .com முகவரிகளின் பதிவேட்டை நடத்துகிற நிறுவனமாக. கடைகளைச் சோதித்து முத்திரை கொடுக்கும் வேலை அதனிடம் இல்லை. ஆகவே புதிதாக முளைத்த தளத்தில் வெரிசைன் முத்திரை இருந்தால், அது பழைய படம் என்று தயங்காமல் சொல்லலாம். மெக்காஃபி செக்யூர் என்பதும் இப்போது ட்ரஸ்டட்சைட் என்ற பெயரில்தான் நடக்கிறது, trustedsite.com-இல் போய்த் தேடலாம்.

பிசிஐ என்பது கார்டு விவரங்களைக் கையாளுவதற்கான பாதுகாப்பு விதிமுறை. அதை வகுக்கும் கவுன்சில், "இந்தக் கடை விதிப்படி நடக்கிறது" என்று ஒட்டிக்கொள்ள எந்த முத்திரையும் கொடுப்பதில்லை. விதிப்படி நடப்பதற்கு ஆவணங்கள் உண்டு, அவை வங்கிக்கும் கடைக்கும் இடையில் போகும். ஆகவே அந்தப் படம் கடைக்காரரோ, அவருக்குச் சோதனை செய்த தனியார் நிறுவனமோ வரைந்துகொண்டது. ஐஎஸ்ஓ கதையும் கிட்டத்தட்ட அதுதான். ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரவிதிகளை எழுதுகிறது, அவ்வளவுதான். யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, தன் சின்னத்தைச் சான்று போல ஒட்டிக்கொள்ளவும் விடுவதில்லை. சான்று கொடுப்பவை வேறு நிறுவனங்கள். உண்மையாக வாங்கியவர் அந்த நிறுவனத்தின் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் சொல்வார். iafcertsearch.org என்ற தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். எல்லாச் சான்றும் அங்கே ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அங்கே இல்லாததை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று: ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக முறையைப் பற்றியது. சேலையின் சாயம் போகுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘100% பாதுகாப்பான பேமெண்ட்’ என்பதைச் சோதிக்கவே முடியாது, ஏனென்றால் அதைச் சொன்னது வேறு யாருமில்லை, கடைக்காரரே. பூட்டுப் படமும் அப்படித்தான். முகவரிப் பட்டையில் வரும் https என்பது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை இன்னொருவர் படிக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் அந்தச் சான்றிதழை இலவசமாகவே கொடுக்கின்றன, மோசடித் தளமும் வாங்கிக்கொள்ளும். பூட்டைப் பார்த்து மக்கள் தப்பாக நம்புகிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

சரி, எல்லாச் சோதனையும் செய்து முத்திரை அசல் என்று தெரிந்தால் போதுமா? இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில் கன்ட்ரோல்ஸ்கேன் என்ற நிறுவனம் கடைகளுக்கு முத்திரை விற்றது. முத்திரையில் அன்றைய தேதியும் தெரியும். பார்க்கிறவர், இன்றைக்குத்தான் சோதித்திருக்கிறார்கள் என்று நினைப்பார். 2010-இல் அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி விசாரித்தபோது, பல கடைகளை அவர்கள் சரிவரச் சோதிக்கவே இல்லை, தேதி மட்டும் தினமும் தானாக மாறிக்கொண்டிருந்தது என்று தெரியவந்தது. இன்னும் பெரிய பெயர் ட்ரஸ்ட்ஈ. தனியுரிமைக்கான முத்திரை, ஆண்டுதோறும் மறுபடி சோதிப்போம் என்று சொல்லிக் கொடுத்தது. 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை அந்த மறுசோதனை நடக்கவே இல்லை என்று எஃப்டிசி 2014-இல் குற்றம்சாட்டியது. 2 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இவை எதுவும் போலி முத்திரை இல்லை, அழுத்தினால் சான்றுப் பக்கம் திறக்கும் அசல் முத்திரைகள்.

அதற்கு முன்பே பெஞ்சமின் எடல்மன் என்ற ஆய்வாளர் ட்ரஸ்ட்ஈ முத்திரை உள்ள தளங்களையும் இல்லாத தளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். முத்திரை உள்ள தளம் நம்பத்தகாததாக இருக்கும் வாய்ப்பு, இல்லாததைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்தது. கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் எளிது. பேர் பெற்ற கடைக்கு முத்திரை தேவையில்லை. யாரை நம்ப மாட்டார்களோ அவருக்குத்தான் அது அவசரமாகத் தேவை. சோதனை தளர்வாக இருந்தால் அவர்தான் முதல் ஆளாக வரிசையில் நிற்பார். அந்த ஆய்வு பழையது, ஒரு நிறுவனத்தைப் பற்றியது. இன்றைய எல்லா முத்திரைக்கும் அந்த விகிதத்தைப் பொருத்த மாட்டேன். காரணம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

முத்திரையை ஒழுங்காகச் செய்ய முடியாதா என்றால், முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் மருந்து விற்கிறவர்கள் 2015 ஜூலையிலிருந்து ஒரு பொதுச் சின்னத்தைக் காட்டியாக வேண்டும். அதை அழுத்தினால் அந்த நாட்டு அரசு அமைப்பின் பதிவேட்டுக்குப் போக வேண்டும், கடையின் பெயர் அங்கே இருக்க வேண்டும். சின்னத்தை நகலெடுக்கலாம், அரசின் பட்டியலில் பெயரை நுழைக்க முடியாது. நம் ஊரில் சேலைக் கடைக்கு அப்படி ஒரு சின்னம் கிடையாது. ஆனால் அதே வேலையைச் செய்கிற ஒரு எண் இருக்கிறது, ஜிஎஸ்டி எண். என்னிடம் யாராவது கேட்டால், முத்திரைகளை விட்டுவிட்டு அதைத் தேடு என்றுதான் சொல்வேன்.

எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். முழு எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்தைப் பாருங்கள்: P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. தளத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று எழுதிவிட்டு, எண்ணில் அந்த இடத்தில் P இருந்தால் இரண்டில் ஒன்று பொய். "எங்கள் சொந்தத் தறி, சேலத்திலிருந்து நேரடியாக" என்று சொல்லும் தளத்தின் எண் 07-இல் தொடங்கினால் அது டெல்லிப் பதிவு, கேட்க வேண்டிய விஷயம். அப்புறம் services.gst.gov.in-இல் Search Taxpayer பகுதியில் எண்ணைப் போடுங்கள், உள்நுழையத் தேவையில்லை. சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, எண் நடப்பில் இருக்கிறதா ரத்தானதா என்பது எல்லாம் வரும். இதற்கும் எல்லை உண்டு. வேறொருவரின் எண்ணைத் திருடி ஒட்டலாம், ஆகவே அங்கே வரும் பெயரும் தளத்தின் பெயரும், பணம் போகும் யுபிஐ கணக்கின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயர் திரையில் வரும், அந்த ஒரு நொடி நின்று படியுங்கள். மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு கடைக்கும் சில கைவினைப் பொருள் விற்பவர்களுக்கும் ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருக்கலாம், எண் இல்லை என்பதற்காகவே திருடன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிறுவனத்தின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் எண், குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. ஆறு முத்திரை ஒட்ட இடம் இருக்கிற பக்கத்தில் ஒரு முகவரிக்கு இடமில்லை என்றால் எனக்குக் கடை பிடிக்காது.

தளத்தின் வயதையும் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். lookup.icann.org-இல் முகவரியைப் போட்டால் அது எப்போது பதிவானது என்று வரும். "2012 முதல் உங்கள் நம்பிக்கை" என்று எழுதியிருக்கும், முகவரி போன மாதம் பதிவானதாக இருக்கும். தெருவில் பத்து வருடம் கடை நடத்திவிட்டு இப்போதுதான் இணையத்துக்கு வந்தவர் என்றும் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தெருவில் அவரை யாருக்காவது தெரியும், வரைபடத்தில் கடை இருக்கும், ஃபோன் போட்டால் எடுப்பார்கள்.

உங்கள் தளத்தைப் பற்றி, படத்தைப் பார்க்காமலே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: வெரிசைன் முத்திரையை வெரிசைனோ, பிசிஐ சின்னத்தை அந்தக் கவுன்சிலோ கொடுக்கவில்லை. அதனால் கடைக்காரர் மோசடிக்காரர் என்று ஆகிவிடாது. என் இளம்பிள்ளைக்காரரைப் போல, தெரியாமல் யாரோ ஒட்டிக் கொடுத்ததாக இருக்கலாம். அந்த ஒட்டுப்படம் நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துக் காட்டாது, அதனால் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண், முகவரி, பெறுபவர் பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பேசினால், முதல் முறை ஒரே ஒரு சேலை, கார்டில் வாங்குங்கள். சரக்கு வராவிட்டால் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க கார்டில் வழி உண்டு, யுபிஐயில் அனுப்பியதை மீட்பது அதைவிடக் கடினம். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், பெறுபவரின் யுபிஐ முகவரி, தளத்தின் திரைப்பிடிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும், பிறகு cybercrime.gov.in-இல் பதிவு செய்யும்போதும் இவற்றைத்தான் கேட்பார்கள். அந்தத் திரைப்பிடிப்பில் முத்திரை வரிசையும் விழும்படி எடுங்கள். இத்தகைய தளங்கள் எந்த நேரமும் காணாமல் போகலாம்.